“கம்பெனி எப்படிம்மா போகுது?” - ஓசூர் சிறு தொழில்முனைவோர் மாதாமாதம் எழுத வேண்டிய ஒரு கடிதம்!

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா கேட்பார்: “கம்பெனி எப்படிம்மா போகுது?” இலையைப் பார்த்துக்கொண்டே பதில் வரும்: “நல்லா போகுது மாமா.” அவ்வளவுதான். அந்த மாமா அந்தக் கம்பெனியில் 10 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார். போட்ட பணத்தைப் பற்றி வருடம் முழுக்க அவருக்குக் கிடைக்கும் தகவல், ‘நல்லா போகுது’ என்ற இரண்டு வார்த்தைகள் மட்டுமே.

ஓசூர் சிப்காட், சிட்கோ ஷெட்களில் ஓடும் பல சின்ன கம்பெனிகளில் சொந்தக்காரர், பழைய மேலாளர், பெங்களூரில் வேலை பார்க்கும் காலேஜ் நண்பர் என்று நாலைந்து பேரின் பணம் இருக்கும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இவர்களெல்லாம் பங்குதாரர்கள். ஆனால் சட்டப்படி இவர்களுக்குக் கணக்கு காட்ட வேண்டியது வருடத்துக்கு ஒருமுறைதான். மார்ச்சில் முடிந்த வருடத்தின் கணக்கை செப்டம்பருக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைத்தால் போதும். ஏப்ரலில் தொடங்கிய ஒரு பிரச்னை, அடுத்த வருடம் செப்டம்பரில்தான் காகிதத்தில் தெரியவரும்.

இந்த இடைவெளியை அடைப்பதற்காக ஸ்டார்ட்அப் உலகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. மாதம் ஒரு கடிதம்: அந்த மாத எண்கள், அந்த மாத சறுக்கல்கள், குறிப்பாக வேண்டிய உதவிகள். அமெரிக்காவின் ‘பஃபர்’ என்ற மென்பொருள் நிறுவனம், முதலீட்டாளர்களுக்கு எழுதும் இந்த மாதக் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கே வைத்தது. நமக்கு அந்த அளவுக்கு வேண்டாம். ஐந்து பங்குதாரர்களுக்குப் போனால் போதும்.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதை ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்ப்போம். இதில் வரும் கம்பெனியும், அதன் வாடிக்கையாளர்களும், ரூபாய்க் கணக்கும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்த நிஜ நிறுவனத்தையும் குறிப்பவை அல்ல. ஆனால், அந்தக் கம்பெனியைத் தாக்கும் சம்பவம் உண்மையானது. அது 2023 ஜூன் மாதம்.

ஒரே மாதத்தில் பாதி ஆன மார்க்கெட்

ஏத்தர், டி.வி.எஸ் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளி அருகே. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தயாரிப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. வாங்குபவருக்கு மத்திய அரசு ‘ஃபேம்-2’ திட்டத்தில் கொடுத்துவந்த மானியத்துக்கு, வண்டி விலையில் 40 சதவிகிதம் என்பது உச்சவரம்பாக இருந்தது. 2023 ஜூன் 1-ம் தேதி முதல் அது 15 சதவிகிதமாகக் குறைந்தது. பேட்டரியின் ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாய் என்று இருந்ததும் 10,000 ஆனது. மே மாதம் நாடு முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிய மின் இருசக்கர வாகனப் பதிவு, ஜூனில் 50,000-க்கும் கீழே இறங்கியது.

நம் மாதிரித் தொழில்முனைவோர் ஒரு பெண். சிட்கோ ஷெட் ஒன்றில் வயரிங் ஹார்னஸ் செய்கிறார். வண்டிக்குள் ஓடும் கம்பிகளை அளவாக வெட்டி, நுனியில் டெர்மினல் அடித்து, கனெக்டர் மாட்டி, டேப் சுற்றிக் கொடுக்கும் வேலை. பாகலூர், மத்திகிரி பக்கமிருந்து பெண்கள் வேனில் வந்து வேலை செய்கிறார்கள். இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு வாங்குபவர், இன்னொருவர் பம்புக்கு வாங்குபவர். ஒரு ஹார்னஸ் சராசரியாக 420 ரூபாய்.

ஏப்ரலில் 4,440 பீஸ் போனது. மே மாதம் 6,000. ஜூனில் 3,100.

இப்போது ஜூலை முதல் வாரம். கடிதம் எழுத வேண்டும். கை வரவில்லை. ‘ஒரு மாசம் பார்த்துட்டு, நல்ல செய்தியோட எழுதிக்கலாம்’ என்று மனசு சொல்கிறது. பெரும்பாலான கடிதங்கள் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

முதல் பகுதி: எண்கள். ஐந்து போதும்!

பத்துப் பக்க எக்ஸெல் ஷீட் யாரும் படிக்க மாட்டார்கள். இந்தத் தொழிலுக்கு ஐந்து எண்கள் போதும்: அனுப்பிய பீஸ், ஜி.எஸ்.டி. சேர்க்காத விற்பனை, அந்த மாத லாபம் அல்லது நஷ்டம், மாதக் கடைசியில் வங்கி இருப்பு, தேதி தாண்டியும் வராத பாக்கி. ஒவ்வொன்றையும் கடந்த மூன்று மாதங்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும்.

‘ஜி.எஸ்.டி. சேர்க்காத’ என்பது முக்கியம். மே மாத விற்பனை 25.2 லட்சம் ரூபாய். 18 சதவிகித வரியையும் சேர்த்துச் சொன்னால் 29.7 லட்சம். கூடுதலாகத் தெரியும் அந்த நாலரை லட்சம் அவருடைய பணமே இல்லை, அரசாங்கத்துடையது. ஒரு மாதம் வரி சேர்த்தும், இன்னொரு மாதம் சேர்க்காமலும் எழுதினால், வளர்ச்சி என்று தெரிவது வெறும் கணக்குக் குழப்பமாக இருக்கும்.

மூன்று மாதங்களைப் பக்கத்தில் வைப்பதிலும் ஒரு காரணம் இருக்கிறது. மே மாதம் 6,000 பீஸ் போனதை, ‘35 சதவிகித வளர்ச்சி’ என்று ஜூன் மாதக் கடிதத்தில் அவர் சந்தோஷமாக எழுதியிருக்கலாம். ஆனால் மானியம் குறையப்போகிறது என்று தெரிந்து மக்கள் அவசரமாக வாங்கிய மாதம் அது. மே மாத உயர்வில் ஒரு பகுதி ஜூனிலிருந்து கடன் வாங்கிய விற்பனை. மூன்று எண்களும் சேர்ந்து கண்ணில் பட்டால்தான் இது புரியும்.

அடுத்து, நஷ்டம். ஒரு ஹார்னஸுக்குக் கம்பி, டெர்மினல், கனெக்டர், டேப் எல்லாம் சேர்த்து 273 ரூபாய். 420-ல் அது போக மிஞ்சுவது 147 ரூபாய். சம்பளம், வாடகை, கரன்ட், வேன், மெஷின் தவணை என்று மாதச் செலவு 8.2 லட்சம். அதை 147-ஆல் வகுத்தால் சுமார் 5,600. மாதம் 5,600 பீஸ் போனால்தான் கையைக் கடிக்காது. ஜூனில் போனது 3,100. கிடைத்தது 4.56 லட்சம். திரும்பி வந்த சரக்கைச் சரிசெய்த செலவு 40,000 ரூபாயையும் சேர்த்தால், நஷ்டம் 4 லட்சத்துச் சொச்சம்.

நஷ்டம் 4 லட்சம், வங்கியில் குறைந்தது 11 லட்சம்!

மே 31-ம் தேதி வங்கியில் 24.5 லட்சம் இருந்தது. ஜூன் 30-ம் தேதி 13.3 லட்சம். நஷ்டம் 4 லட்சம் என்றால், 11 லட்சம் எங்கே போனது? பணம் போட்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அவர்கள் கேட்கும் முன் கடிதமே சொல்லிவிட வேண்டும்.

பில் போட்டு 60 நாள் கழித்துத்தான் அவருக்குப் பணம் வருகிறது. அதாவது, ஜூனில் வர வேண்டியது ஏப்ரல் மாதச் சரக்குக்கான 22 லட்சம். ஸ்கூட்டர் வாடிக்கையாளர் 8 லட்சத்தைத் தள்ளிப்போட்டதால் வந்தது 14 லட்சம்தான். போனதோ 25.2 லட்சம். ஜூன் ஆர்டர் பெரிதாக இருக்கும் என்று நம்பி மே மாதமே வாங்கிய கம்பிக்கும் கனெக்டருக்கும் 15 லட்சம், மாதச் செலவு 8.2 லட்சம், ரிப்பேருக்கு 40,000, மே மாத ஜி.எஸ்.டி. 1.6 லட்சம்.

இந்த ஜி.எஸ்.டி. பலரையும் ஏமாற்றிவிடும் இடம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள், மே மாத பில்லுக்கான வரியை ஜூன் 20-க்குள் கட்டியாக வேண்டும். அந்த பில்லுக்கான பணம் வருவதோ ஜூலைக் கடைசியில். வாடிக்கையாளர் கொடுக்காத வரியை இவர் கைக்காசிலிருந்து முன்கூட்டியே கட்டுகிறார்.

ஆக, நஷ்டத்துக்கு மேல் காணாமல்போன 7 லட்சம் தொலைந்துபோகவில்லை. பெரும்பகுதி வராத பாக்கியாகவும், ரேக்கில் கிடக்கும் கம்பியாகவும் இருக்கிறது. ‘பணம் காலி’ என்பதற்கும் ‘பணம் சிக்கியிருக்கிறது’ என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலீடு செய்தவர் செய்யக்கூடிய உதவியும் அதைப் பொறுத்து மாறும்.

இன்னொரு விஷயம். ஜூலையில் மே மாத பில்லுக்கான 29.7 லட்சம் வரும். வங்கி இருப்பு நன்றாகவே இருக்கும். ‘அதான் சரியாயிடுச்சே’ என்று தோன்றும். ஆனால் ஆகஸ்ட்டில் வருவது, ஜூன் மாதச் சரக்குக்கான 15.4 லட்சம் மட்டுமே. ஜூனில் விழுந்த அடி பணமாக வலிப்பது ஆகஸ்ட்டில். அப்போது கம்பிக்குச் சுமார் 10 லட்சம், மாதச் செலவு 8.2 லட்சம், வரி 80,000 என்று 19 லட்சம் போகும். மாதம் மூன்றரை லட்சத்துக்கு மேல் துண்டு விழும். 60 நாள் கடனில் ஓடும் தொழிலில் வங்கி இருப்பு எப்போதும் இரண்டு மாதப் பழைய செய்தியைத்தான் சொல்லும். அதை மட்டும் எழுதி அனுப்பினால், பொய் சொல்லாமலே தவறான படத்தைக் காட்டிவிட முடியும்.

இரண்டாவது பகுதி: சறுக்கலை எப்படிச் சொல்வது?

மானியக் குறைப்பு அவர் கையில் இல்லாத விஷயம். அதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கர்நாடகத்தில் பந்த் நடந்து ஜூஜூவாடியில் வண்டிகள் நின்றுபோகும் நாள்களைப் போல அது வெளியிலிருந்து வருவது. உள்ளே நடந்த தவறுக்குத்தான் கடிதத்தில் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

ஜூனில் அப்படி ஒன்று நடந்தது. ஸ்கூட்டர் வாடிக்கையாளருக்கு அனுப்பிய 1,500 ஹார்னஸில் 90 திரும்பி வந்தன. கனெக்டரில் மாட்டும்போது கம்பி டெர்மினலிலிருந்து கழன்று வந்துவிட்டது. கம்பி நுனியில் டெர்மினலை அழுத்திப் பிடிக்கவைக்கும் வேலைக்கு கிரிம்பிங் என்று பெயர். அதை அழுத்தும் அப்ளிகேட்டர் தேய்ந்தால், அழுத்தம் குறையும், கிரிம்ப் உயரம் கூடும், பிடி தளரும். கண்ணால் பார்த்தால் தெரியாது. கரன்ட் ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் போர்டிலும் பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் கம்பி தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மைக்ரோமீட்டரில் உயரத்தை அளந்தாலோ, இழுத்துப் பார்க்கும் புல் டெஸ்ட் செய்தாலோதான் தெரியும். அந்த அளவைக் காலையில் ஒருமுறை மட்டும் எடுத்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் அடித்த பீஸ்களில்தான் கோளாறு.

இதை, ‘சில தரப் பிரச்னைகள் ஏற்பட்டன, சரிசெய்யப்பட்டன’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. என்ன நடந்தது, எவ்வளவு செலவு, எப்படிக் கண்டுபிடித்தோம், இனி எது மாறும், அது மாறியிருக்கிறது என்று எப்படித் தெரியும் - இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு வரி வேண்டும். கடைசி வரிதான் அடுத்த மாதக் கடிதத்தில் அவரைப் பிடித்து நிறுத்தும்.

மூன்றாவது பகுதி: என்ன வேண்டும்?

‘உங்க ஆதரவு வேணும்’ என்று முடித்தால், படிப்பவர் ‘கட்டாயம்மா’ என்று நினைத்துக்கொண்டு போனைக் கீழே வைத்துவிடுவார். ‘தெரிஞ்ச கஸ்டமர் இருந்தா சொல்லுங்க’ என்றாலும் அதே கதைதான். யாரிடம், என்ன, எந்தத் தேதிக்குள் என்று கேட்க வேண்டும். என்ன கேட்பது என்பதை எண்கள் பகுதியே சொல்லிவிடும். மாதச் செலவை 7.3 லட்சமாகக் குறைத்தால், 5,000 பீஸ் போதும். இப்போது 3,100. பற்றாக்குறை 1,900. அதில் பாதியையாவது ஸ்கூட்டர் இல்லாத ஒரு வாடிக்கையாளரிடமிருந்து பிடிக்க வேண்டும்.

இப்போது அவர் எழுதக்கூடிய கடிதத்தைப் பாருங்கள்.

*“எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் மோசமான மாதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.*

*அனுப்பிய பீஸ்: ஏப்ரல் 4,440, மே 6,000, ஜூன் 3,100. ஜூன் விற்பனை ஜி.எஸ்.டி. இல்லாமல் 13 லட்சம். நஷ்டம் 4 லட்சம். வங்கி இருப்பு 13.3 லட்சம். தேதி தாண்டிய பாக்கி 8 லட்சம். ஜூலையில் மே மாத பில் பணம் வரும், அதனால் இருப்பு கூடும். அதைப் பார்த்து நான் ஏமாற மாட்டேன், நீங்களும் ஏமாற வேண்டாம். ஆகஸ்ட்டிலிருந்து மாதம் மூன்றரை லட்சத்துக்கு மேல் துண்டு விழும்.*

*மானியம் குறைந்ததால் ஸ்கூட்டர் ஆர்டர் 4,400-லிருந்து 1,500 ஆனது. பம்பு ஆர்டர் 1,600, மாறவில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பி மே மாதம் அதிகமாகக் கம்பி வாங்கியது என் தவறு.*

*90 பீஸ் திரும்பி வந்தன. தேய்ந்த அப்ளிகேட்டர் காரணம். செலவு 40,000. இனி ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் கிரிம்ப் உயரம் அளந்து நோட்டில் எழுதுகிறோம். ஜூலையில் எத்தனை திரும்பி வந்தன என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.*

*ஓவர்டைம் நிறுத்தி மாதச் செலவில் 90,000 குறைக்கிறேன். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆகஸ்ட் கடைசியிலும் 4,000 பீஸைத் தாண்டவில்லை என்றால், அந்த முடிவை உங்களோடு பேசித்தான் எடுப்பேன்.*

*மூன்று உதவிகள் வேண்டும். சார், நீங்கள் வேலை பார்த்த காலத்தில் பழகிய பர்ச்சேஸ் மேலாளர்களில், பம்பு அல்லது டிராக்டர் கம்பெனியில் இருக்கும் ஒருவரை ஜூலை 20-க்குள் சந்திக்க ஏற்பாடு செய்ய முடியுமா? அப்படியே ஃபார்வேர்டு செய்ய ஐந்து வரிக் குறிப்பு கீழே வைத்திருக்கிறேன். வங்கியில் இருக்கும் நண்பருக்கு: பாக்கி பில்லை வைத்து டிரெட்ஸ் தளத்தில் பணம் வாங்க எங்கள் வாடிக்கையாளர் பதிவு செய்திருக்க வேண்டுமா, இந்த வாரம் அரை மணி நேரம் போனில் சொல்ல முடியுமா? மாமா, உங்களிடம் இப்போது பணம் கேட்கவில்லை. ரேக்கில் 4 லட்சத்துக்குக் கம்பி இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஹார்னஸ்காரர் யாராவது வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.”*

வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பினால், ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதிக்குள் அனுப்புவது நடைமுறைக்கு ஏற்றது. 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்கு பில் பட்டியல் எப்படியும் தயாராகியிருக்கும். அதே பட்டியலிலிருந்து முதல் இரண்டு எண்களும் வந்துவிடும்.

அந்த 8 லட்சத்தைச் சட்டப்படி கேட்க முடியாதா?

முடியும். உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் உண்டு. அதாவது, அவர் ஏற்றுக்கொண்ட 60 நாள் தவணையே சட்டத்துக்கு வெளியில்தான் இருக்கிறது. ஆனால், புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்தது. அதற்குப் பிறகு, ‘உங்க ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க சார்’ என்று சண்டை போடாமல் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கிறது. கடிதத்தில் பாக்கியைத் தனி எண்ணாகப் போடச் சொல்வதன் காரணமும் இதுதான். எத்தனை நாள் தாண்டியது என்று மாதாமாதம் எழுதிவைத்தால்தான் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

நீங்கள் பணம் போட்டவராக இருந்தால்...

கடிதம் வரும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். போன மாதம் இருந்த எண் இந்த மாதம் காணாமல்போனதா? ‘விற்பனை’ என்று இருந்த இடத்தில் ‘பேச்சுவார்த்தையில் உள்ள ஆர்டர்’ என்று வார்த்தை மாறியதா? 10-ம் தேதி வந்த கடிதம் 25-ம் தேதிக்குத் தள்ளிப்போகிறதா? கெட்ட எண்ணைவிட இந்த மூன்றும்தான் சீக்கிரம் கவலைப்பட வேண்டியவை. அதேபோல, கெட்ட செய்தி வந்த அன்றைக்கு ‘அப்பவே சொன்னேனே’ என்று பதில் போட்டால், அதுதான் உங்களுக்கு வரும் கடைசி உண்மையான கடிதமாக இருக்கும்.

கடிதத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. இது ஸ்கூட்டர் ஆர்டரைத் திரும்பக் கொண்டுவராது. மூன்று உதவிகளும் நடந்தாலும், பற்றாக்குறையான 1,900 பீஸும் உடனே வந்துவிடாது. புது வாடிக்கையாளர் என்றால் சாம்பிள் கொடுத்து, சோதனை முடித்து, முதல் ஆர்டர் வர சில மாதங்கள் ஆகலாம். ஆகஸ்ட்டில் துண்டு விழப்போகிறது என்பதை ஆகஸ்ட் கடைசியில் சொன்னால், பங்குதாரர்களுக்கு இருப்பது ஒரே கேள்விதான்: இன்னும் பணம் போடுவதா, வேண்டாமா? அதையே ஜூலை முதல் வாரத்தில் சொன்னால், ஆளைப் பார்க்க, பாக்கியை வசூலிக்க, கம்பியை விற்க எட்டு வாரம் கிடைக்கிறது. வேனில் வரும் பெண்களுக்கும் அந்த எட்டு வாரம்தான் கிடைக்கிறது.

அடுத்த கல்யாணத்தில் அதே மாமா பக்கத்து இலையில் உட்காருவார். இந்த முறை கேள்வி மாறியிருக்கும்: “அந்த அப்ளிகேட்டரை மாத்திட்டியாம்மா?”